கால அட்டவணையா, தளபதியா: 1914-இல் ஆஸ்திரியாவின் இரண்டாம் படை வழி மாறிப் போனது ஏன்?

தேன்மொழி:
முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் ரஷ்ய எல்லைக்குப் போக வேண்டிய ஆஸ்திரியப் படை ஒன்றை முதலில் செர்பிய எல்லைக்கு அனுப்பிவிட்டு, பிறகு திரும்ப ரயிலேற்றி வடக்கே கொண்டுபோனார்கள் என்று படித்தேன். பாதி வழியில் திருப்ப முடியாது என்று ரயில்வே அதிகாரிகள் சொன்னார்களாம். அது உண்மையிலேயே முடியாததா, அல்லது சாக்கா?

கரிகாலன்77:
முடியாததுதான். அக்காலத்து அணிதிரட்டல் திட்டம் என்பது ஆண்டுக்கணக்கில் நிமிடம் நிமிடமாகக் கோத்து வைத்த மாலை. ஒரு மணியை உருவினால் மொத்தமும் சிதறிவிடும். ஜெர்மனியிலும் இதுவே நடந்தது. ஆகஸ்ட் 1 மாலை, பிரான்ஸ் பக்கம் போகாமல் முழுப் படையையும் ரஷ்யாவுக்கு எதிராகத் திருப்பலாமே என்று பேரரசர் வில்ஹெல்ம் கேட்டபோது, பத்து லட்சக்கணக்கான வீரர்களின் நகர்வை ஓர் இரவில் மாற்றி அமைக்க இயலாது என்று தலைமைத் தளபதி மோல்ட்கே மறுத்துவிட்டார். "உங்கள் பெரியப்பாவாக இருந்தால் வேறு பதில் தந்திருப்பார்" என்று பேரரசர் குத்திக் காட்டிய பின்னரும் அவர் இறங்கி வரவில்லை. போரைத் தொடங்கியவர்கள் அரசர்களும் அமைச்சர்களும் அல்லர், கால அட்டவணைகளே என்பது என் கருத்து.

நெடுஞ்சாலை:
கரிகாலன் சொல்வதில் பாதி சரி. மோல்ட்கே அப்படிச் சொன்னார் என்பது உண்மை. ஆனால் அவர் சொன்னதாலேயே அது இயலாத காரியம் ஆகிவிடாது. ஜெர்மன் தலைமையகத்தின் ரயில்வே பிரிவில் பணியாற்றிய ஃபான் ஷ்டாப் என்ற தளபதி, ஏழு படைகளில் நான்கை ஆகஸ்ட் மாத நடுவுக்குள் கிழக்கே கொண்டு சேர்த்திருக்க முடியும் என்று 1925-இல் விரிவாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். மோல்ட்கேயின் கையில் மாற்றுத் திட்டம் இல்லாமல் போனதற்கு ரயில் காரணமன்று. கிழக்கு முனைக்கென ஆண்டுதோறும் புதுப்பித்து வந்த திட்டத்தை 1913-இல் அவரே கைவிட்டார். கதவைத் தானே பூட்டிச் சாவியையும் எறிந்தவர், பூட்டின் மேல் பழி போட்டார் என்றுதான் நான் சொல்வேன்.

இனி கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆஸ்திரியத் தலைமைத் தளபதி கான்ராட் தம் படைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்திருந்தார். பெரிய தொகுதி ரஷ்ய எல்லையை ஒட்டிய கலீசியாவில் ரஷ்யாவை எதிர்கொள்ளும். சிறிய தொகுதி செர்பியாவைப் பார்த்துக்கொள்ளும். இவற்றுக்கு இடையில் இருந்தது பி தொகுதி, அதாவது இரண்டாம் படை. ரஷ்யா போரில் இறங்கினால் வடக்கே, இறங்காவிட்டால் தெற்கே என்று அது எந்தப் பக்கமும் போகக்கூடியதாக வைக்கப்பட்டது. காகிதத்தில் அழகான ஏற்பாடுதான். செர்பியாவுக்கு எதிரான அணிதிரட்டலின் முதல் நாள் ஜூலை 28. ரஷ்யா சும்மா இராது என்பதற்கான அறிகுறிகள் நாளுக்கு நாள் வலுத்த போதிலும், கான்ராட் பி தொகுதியைத் தெற்கே அனுப்பும் முடிவிலேயே நின்றார். ரஷ்யா பொது அணிதிரட்டலை அறிவித்த பின்னர், ஜூலை 31 அன்றுதான், அதை வடக்கே திருப்ப முடியுமா என்று ரயில்வே பிரிவின் தலைவர் கர்னல் ஷ்ட்ராவுபைக் கேட்டார். குழப்பம் நேரும், தொடங்கிய நகர்வை முடித்துவிட்டு அங்கிருந்து புதிதாகத் தொடங்குவதே நல்லது என்று அவர் பதில் சொன்னார். ஜூலை 31 என்பது அணிதிரட்டலின் நான்காம் நாள் என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான வீரர்கள் அப்போதும் சொந்த ஊரின் படைமுகாம்களில்தான் இருந்தார்கள்.

முகிலன்:
கவச ரயில்களில் பீரங்கி பொருத்திச் சண்டையிட்டார்களே, அவற்றை ஏன் இங்கே பயன்படுத்தவில்லை? அப்படிச் செய்திருந்தால் இவ்வளவு வீரர்களை நகர்த்தும் தேவையே இருந்திருக்காதே.

நெடுஞ்சாலை:
முகிலன், இங்கே பேச்சு ரயிலில் இருந்து சண்டையிடுவதைப் பற்றியது அன்று. வீரர்களையும் குதிரைகளையும் சண்டை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் இறக்குவதைப் பற்றியது. ஒரு சரக்குப் பெட்டியில் நாற்பது ஆட்கள் அல்லது ஆறு குதிரைகள் என்பதே அன்றைய கணக்கு.

ஓய்வுபெற்ற கன்ட்ரோலர்:
நான் வரலாறு படித்தவனில்லை. முப்பது ஆண்டுகள் ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் சார்ட் கோடு இழுத்தவன் என்ற முறையில் ஷ்ட்ராவுபுக்காகச் சற்றே வாதாட விரும்புகிறேன்.

சார்ட்டில் நேரம் ஒரு பக்கமும் நிலையங்கள் மறுபக்கமும் இருக்கும். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. வேகமான ரயிலின் கோடு செங்குத்தாக ஏறி, மெதுவான ரயிலின் கோட்டை எங்காவது வெட்டும். வெட்டும் இடத்தில் மெதுவான ரயிலை லூப் என்னும் பக்கத் தடத்தில் ஒதுக்கிக் காக்க வைக்க வேண்டும்; அந்தக் காத்திருப்பு பின்னால் வரும் ஒவ்வொரு ரயிலையும் பிடித்து இழுக்கும். ஆகவே ஒரு பாதையில் மிக அதிகமான ரயில்களை விட வேண்டுமென்றால், எல்லா ரயில்களையும் ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும். அப்போது கோடுகள் எல்லாம் இணையாக ஓடும், ஒன்றை ஒன்று வெட்டாது. அந்த ஒரே வேகம் எது? வழியில் உள்ள மிகச் செங்குத்தான ஏற்றத்தில், இருப்பதிலேயே பலம் குறைந்த எஞ்சின் எவ்வளவு இழுக்குமோ அதுதான். ஆமை வேகம் என்று வெளியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஆமைகள்தான் ஒரு லட்சம் பேரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஒரு தேர்தலின்போது துணை ராணுவத்தினரை ஏற்றி வந்த ஒரே ஒரு சிறப்பு ரயிலை, மேலிடத்து உத்தரவின்படி நடுவழியில் வேறு ஊருக்குத் திருப்பினோம். ரயிலைத் திருப்புவது ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தத் தடத்தை அறிந்த ஓட்டுநர் அங்கே இல்லை. வந்த ஓட்டுநரின் பணி நேரம் முடிந்துவிட்டது. சாப்பாடு பழைய ஊரில் சமைத்து ஆறிக்கொண்டிருந்தது. மறுநாள் வேறு பணிக்குப் போக வேண்டிய காலி ரேக் தவறான இடத்தில் நின்றது. ஒழுங்குக்கு வர இரண்டு நாட்கள் ஆயின. ஒரு ரயிலுக்கே இந்தப் பாடு. பல டிவிஷன்கள் சேர்ந்த ஒரு கோர் படைக்கு ஏறத்தாழ 140 ரயில்கள் தேவைப்பட்டன என்கிறார்கள். இரண்டாம் படையில் அப்படிப்பட்ட கோர்கள் பல.

கரிகாலன்77:
ஐயா, நான் சொன்னதும் இதுதானே!

ஓய்வுபெற்ற கன்ட்ரோலர்:
முழுவதும் இல்லை, தம்பி. அட்டவணை அரசர்களை ஆட்டி வைத்தது என்கிறீர்கள். எந்த மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலையை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நான் சொல்கிறேன். ஜெர்மானியர்கள் கொலோன் நகரத்து ரைன் பாலத்தின் மீது ஆகஸ்ட் 2 முதல் 18 வரை 2,150 ரயில்களை விட்டார்களாம். ஒவ்வொன்றிலும் 54 பெட்டிகள். வகுத்துப் பார்த்தால் இரவு பகலாக ஏறத்தாழப் பதினோரு நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. இரட்டைத் தடம் இருந்து, காலிப் பெட்டிகள் மற்றொரு தடத்தில் திரும்பி வந்தால் அது நடக்கக்கூடியதே. கார்பாத்திய மலைகளைத் தாண்டிக் கலீசியாவுக்குப் போகும் பாதைகளில் பல ஒற்றைத் தடம். அதில் போகும் ரயிலும் வரும் காலியும் ஒவ்வொரு நிலையத்திலும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்க வேண்டும்.

நெடுஞ்சாலை:
இணைகோட்டு விளக்கத்துக்கு நன்றி, ஐயா. ஆஸ்திரிய ரயில்வே பிரிவும் அந்த முறையைத்தான் பின்பற்றியது. ஆனால் அளவு மீறிய எச்சரிக்கையோடு பின்பற்றியது என்பதே என் குற்றச்சாட்டு. மூன்றாம் படையின் தலைமையகம் ஆகஸ்ட் 5 அன்று பிரெஸ்பர்க் நகரில், இன்றைய பிராட்டிஸ்லாவாவில், ரயிலேறி ஐந்து நாட்கள் கழித்துத்தான் கலீசியாவின் சாம்போர் நகரில் வந்து இறங்கியது. நல்ல நடைக்காரர் ஒருவர் நடந்தே எட்டிவிடக்கூடிய வேகம் அது. இதற்குமேல், படைகளை எல்லையை ஒட்டி இறக்காமல் பின்னுக்குத் தள்ளி, சான் ஆற்றையும் நீஸ்டர் ஆற்றையும் ஒட்டி இறக்குவது என்று கான்ராட் கடைசி நேரத்தில் முடிவு செய்தார். பிறகு முன்னேற உத்தரவு வந்தபோது, ரயில் கொண்டுபோய் விட்டிருக்கக்கூடிய தூரத்தை வீரர்கள் ஆகஸ்ட் வெயிலில் மூட்டை சுமந்து நடந்து கடந்தார்கள்.

ஓய்வுபெற்ற கன்ட்ரோலர்:
இருக்கலாம். ஆனால் நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஜூலை 31 அன்றே பி தொகுதியை வடக்கே திருப்பியிருந்தாலும் அது எந்தத் தடத்தில் போயிருக்கும்? கலீசியாவுக்கான தடங்களில் ஆகஸ்டின் முதல் இரண்டு வாரங்களும் முதன்மைத் தொகுதியின் ரயில்கள்தான் ஓடின. அவை போய் முடியும் வரை இவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். எங்கே காத்திருந்தால் என்ன, செர்பிய எல்லையிலேயே காத்திருக்கட்டும் என்று ஷ்ட்ராவுப் நினைத்திருந்தால், தடத்தின் கணக்குப்படி அது தவறே அன்று. புடாபெஸ்ட் கோரும் டெமெஷ்வார் கோரும் இந்தத் தொகுதியில் இருந்தன. டெமெஷ்வார், அதாவது இன்றைய ருமேனியாவின் டிமிஷோவாரா, செர்பிய எல்லைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள்.

நெடுஞ்சாலை:
இந்தக் கோணத்தை ஏற்றுக்கொள்கிறேன். தடங்கள் நிரம்பி இருந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் காத்திருப்பதற்குச் சொந்த ஊர் ஓர் இடம், எதிரியின் ஆற்றங்கரை வேறோர் இடம். கொடி அசைத்து வழியனுப்பிய மக்கள் முன்னால் படையை மீண்டும் கொண்டுவந்து நிறுத்தினால் உற்சாகம் கெட்டுவிடும் என்ற தயக்கமும் இருந்தது. அது தடத்தின் கணக்கு அன்று, அரசியல் கணக்கு. விளைவைப் பாருங்கள். ஆற்றங்கரையில் சும்மா நிற்க வேண்டிய இரண்டாம் படை, ஆகஸ்ட் 12 முதல் ஷாபட்ஸ் நகரைச் சுற்றி நடந்த சண்டையில் மாட்டிக்கொண்டது. ஆகஸ்ட் 18 வாக்கில் வடக்கே ரயிலேற்றத் தொடங்கியபோது, செர்பிய முனையின் தளபதி போடியோரெக், செர் மலைப் போரில் தோற்றுக்கொண்டிருந்ததால், புடாபெஸ்ட் கோரை விட மறுத்துத் தம்மிடமே வைத்துக்கொண்டார். மற்றவர்கள் துண்டு துண்டாகக் கலீசியா போய்ச் சேர்வதற்குள் அங்கே பெரும் சண்டைகள் தொடங்கிவிட்டன. செப்டம்பர் 3 அன்று கலீசியாவின் தலைநகர் லெம்பர்க் ரஷ்யர்கள் கைக்குப் போய்விட்டது. செர்பியாவை வெல்வதற்குள் கிளம்பி, கலீசியாவைக் காப்பதற்குப் பிந்தி வந்த படை அது.

தேன்மொழி:
அப்படியென்றால் தடத்தின் கணக்குப்படி ஷ்ட்ராவுப் சரி, ஆனால் கான்ராட் கேட்ட நாள் தவறு என்று எடுத்துக்கொள்ளலாமா?

நெடுஞ்சாலை:
முதல் பாதியில் எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது. ஊரைவிட்டுக் கிளம்பாத ரயில்களையாவது அப்படியே நிறுத்தி வைத்திருக்கலாம்.

ஓய்வுபெற்ற கன்ட்ரோலர்:
நிறுத்தி வைப்பதென்றால் எங்கே நிறுத்துவது? ஏற்றிய ரயிலை நிறுத்தினால் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். இறக்க வேண்டுமென்றால் சாய்தளம் உள்ள மேடை வேண்டும், அது எல்லா நிலையத்திலும் இருக்காது. ஏற்றாத ரயில் என்றால் நீங்கள் சொல்வது நடக்கும். ஜூலை 31 மாலையில் ஏற்றியவை எத்தனை, ஏற்றாதவை எத்தனை என்ற பட்டியல் உங்களிடம் இருந்தால் கொடுங்கள். பென்சிலும் கோட்டுத்தாளும் என்னிடம் இன்னும் இருக்கின்றன.