அரக்குப் புடவை காணொளியில் ஒயின் நிறமான கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

புடவைக்காரி, பழைய வண்ணாரப்பேட்டை

எம்.சி. ரோட்டில் மொத்தமாக வாங்கி, வீட்டு மாடி அறையிலிருந்து காணொளி எடுத்து விற்கிறேன். சென்ற மாதம் ஓர் அரக்குப் புடவையை வளைகாப்புக்கென்று கோவையில் ஒருவர் வாங்கினார். காணொளியைப் பார்த்தே ஒயின் நிறத்தில் ரவிக்கை தைத்து வைத்திருந்தார். கைக்குப் போனதோ செங்கல் சாயல் கொண்ட அரக்கு. "நிறம் சற்று மாறலாம்" என்று கடைசியில் எழுதியிருந்தேன்; அதைக் காட்டி மறுக்க மனம் வரவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இத்தனைக்கும் நான் எந்த ஃபில்டரும் போடவில்லை.

தண்டையார்பேட்டை தம்பி

அக்கா, டியூப்லைட்தான் காரணம். ரிங் லைட் ஒன்று வாங்கி, வெள்ளைத் தாளை வைத்து சரிபார்த்தால் தீர்ந்தது.

ராயபுரம் ஸ்டுடியோக்காரர்

தம்பி சொல்வது பாதி சரி. விளக்கை மாற்றினாலும் இந்தத் தவறு மீண்டும் வரும், ஏனென்றால் புடவை திரை முழுவதையும் அடைத்ததும் கேமரா அந்தச் சிவப்பைத் துணியின் நிறமாக எண்ணாமல், விளக்கின் மஞ்சள் சாயலாக எண்ணி நீலப் பக்கம் இழுத்துவிடுகிறது. கருமையான துணி என்பதால் வெளிச்சத்தையும் கூட்டிவிடுகிறது. அரக்கு ஒயினானது இப்படித்தான். சோதிப்பது எளிது: முதலில் வெறும் சுவரைக் காட்டி, மெதுவாகப் புடவையை உள்ளே கொண்டுவாருங்கள். புடவை நுழைய நுழையச் சுவரின் நிறம் மாறினால், கேமரா தானாகத் திருத்துகிறது என்று பொருள்.

டியூப்லைட்டை அணைத்துவிட்டு, நேர்வெயில் படாத ஜன்னல் ஓரத்தில் காலை 10 மணி வாக்கில் எடுங்கள். கேமராக் கடையில் கிடைக்கும் சாம்பல் அட்டையைப் புடவை இருக்கும் இடத்திலேயே பிடித்து, ப்ரோ மோடில் WB எண்ணை அட்டை நீலமும் மஞ்சளும் இல்லாமல் தெரியும்வரை நகர்த்தி, அப்படியே விட்டுவிடுங்கள். வெளிச்ச அளவையும் அட்டையை வைத்தே நிறுத்திவிடுங்கள். வெள்ளைத் தாளை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் பளிச்சென்று தெரிவதற்காகத் தாளில் சேர்க்கும் பொருள் பகல் வெளிச்சத்தில் நீலச் சாயலைத் தருகிறது. அதை வெள்ளையென்று நம்பித் திருத்தினால் புடவை மஞ்சளடிக்கும்.

பெரம்பூர் வாசி

என் வீட்டிலும் இதே கதை. ஷேட் கார்டில் பார்த்த இளம் பச்சை, கூடம் முழுக்க அடித்தபின் கடும் பச்சையாகிவிட்டது. பெயிண்டரைக் கேட்டால் காய்ந்தால் அப்படித்தான் என்கிறார். எந்த கேமராவில் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுவது?

ராயபுரம் ஸ்டுடியோக்காரர்

ஐயா, அது கேமராவின் பிரச்சினை இல்லை. எமல்ஷன் காயும்போது சற்றுக் கருக்கும். நான்கு சுவரும் ஒன்றின் நிறத்தை மற்றொன்றின்மேல் வீசுவதால் இன்னும் அடர்ந்து தெரியும். சுவரில் பெரிய சதுரமாக அடித்து, பகலிலும் இரவிலும் பார்த்திருக்க வேண்டும்.

புடவைக்காரி, பழைய வண்ணாரப்பேட்டை

அட்டை முறையில் எடுத்தேன். என் போனில் அரக்கு அரக்காகவே வந்தது. ஆனால் தங்கையின் போனில் திரை அமைப்பு 'விவிட்' என்றிருந்ததால் சிவப்பு தூக்கியது, அம்மாவின் போனில் கண் பாதுகாப்பு முறை ஓடியதால் பழுப்படித்தது. எனவே புடவையோடு ஒரு பத்து ரூபாய் நாணயத்தையும் காட்டத் தொடங்கினேன். கடைகளில் வாங்க மறுத்த நாணயங்கள் வீட்டில் குவிந்து கிடப்பது இதற்காவது உதவியது. வாங்குபவர் தன் நாணயத்தைத் திரையருகே வைத்துப் பார்த்தால், பித்தளை நிற வளையமும் நடுவிலுள்ள வெள்ளி நிறப் பகுதியும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று ஓரளவு தெரியும். தேய்ந்த நாணயமும் பளபளப்பும் ஏமாற்றவும் செய்யும்.

விலை சொல்வதற்கு முன்பே இப்போது இதைச் சொல்கிறேன்: "இது அரக்கு. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தது. நேரில் சற்றுக் கருமையாக, செங்கல் பக்கம் சாய்ந்திருக்கும். மஞ்சள் பல்பில் இன்னும் பழுப்பாகும். கண் பாதுகாப்பை அணைத்துவிட்டுப் பாருங்கள். ரவிக்கைத் துணியைப் புடவை கைக்கு வந்தபின் எடுங்கள். நான் சொன்ன நிறத்தில் இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம்."

தண்டையார்பேட்டை தம்பி

இவ்வளவு சொன்னபின் திருப்பி எடுக்கத் தேவையில்லையே? முன்பே எச்சரித்துவிட்டீர்கள்.

வியாசர்பாடி அக்கா

தம்பி, 2020 மின்வணிக விதிகளின்படி, விளம்பரப்படுத்திய தன்மையில் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. எந்தப் பக்கம், எவ்வளவு மாறும் என்று சொன்னால் அது தகவல். "மாறலாம்" என்று மட்டும் சொல்வது தப்பிக்கும் வழி. கூரியர் செலவு யாருடையது என்பதில்தான் எனக்கும் வாடிக்கையாளருக்கும் இன்னும் சண்டை.

எனக்கு வேறொரு தொல்லை. ராணி பிங்க் புடவை மட்டும் எந்த வெளிச்சத்திலும் மடிப்பே தெரியாமல் ஒரே பூச்சாக வருகிறது.

ராயபுரம் ஸ்டுடியோக்காரர்

அதில் சிவப்பு உச்சத்தைத் தொட்டு நின்றுவிடுகிறது. மடிப்புகள் தெரியும்வரை வெளிச்ச அளவைக் குறையுங்கள். அப்போதும் அந்தப் பளபளப்பைப் பல திரைகளால் காட்ட முடியாது. "நேரில் இதைவிட அடிக்கும்" என்று வாயால்தான் சொல்ல வேண்டும்.