ஃபுட்பால்ல ப்ரெஸ் பண்றவன் எதிரணி பாஸ் கிளம்பும்போதே பாயணுமா, வாங்கறவனோட ஃபர்ஸ்ட் டச் வரைக்கும் நிக்கணுமா?

ஆன்ஃபீல்ட் பித்தன்:
பந்து பின்னாடி போச்சா, பாயணும். ப்ரெஸ்ஸிங் ட்ரிகர்னா, அதாவது பந்து வச்சிருக்கிறவன் மேல பாயக் கிளம்பறதுக்கான சைகைன்னா, அவ்வளவுதான், இதுக்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி? 2018 ஜனவரி 14, மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரா லிவர்பூல் லெஃப்ட் பேக் ராபர்ட்சன் ஓடினதைப் பாருங்க. பெர்னார்டோ சில்வா, வாக்கர், ஸ்டோன்ஸ், எடர்சன், ஓட்டமெண்டினு சிட்டி ஆளுங்களை ஒருத்தர் விடாம துரத்தினார். அதான் ப்ரெஸ்.

நடுவட்டம்:
அந்த ஓட்டம் எதுல முடிஞ்சுது? ஓட்டமெண்டி மேல ஃபவுல்ல. பந்து திரும்ப சிட்டிக்கே போச்சு. ஸ்டேடியமே எழுந்து கத்தினது உண்மை, ஆனா கத்தல் வேற, ப்ரெஸ் வேற.

அதே மேட்ச்ல உண்மையான ப்ரெஸ் பார்க்கணும்னா லிவர்பூல் விங்கர் சலாவைப் பாருங்க. ஓட்டமெண்டி வலதுகால்காரர், ஆடினது இடது சென்டர் பேக்கா. ஸ்டோன்ஸ் அவருக்குப் பக்கவாட்டுல பாஸ் தர்றார்னு வைங்க. சலா நேரா ஓட மாட்டார். டச்லைன் பக்கத்துலேருந்து வளைஞ்சு உள்ளே வருவார். அப்படி வரும்போது சிட்டியோட இடது ஃபுல் பேக் அவர் முதுகுக்குப் பின்னாடி மறைஞ்சுடுவார், அந்தப் பாஸ் தரை வழியா போகாது. ஓட்டமெண்டிக்கு வலது கால்ல உள்பக்கம் போடறதுதான் சுலபம். உள்பக்கம் சிட்டி மிட்ஃபீல்டர் ஃபெர்னாண்டினோ. அவருக்கு முன்னாடி லிவர்பூல் ஸ்ட்ரைக்கர் ஃபிர்மினோ. வழி எதுன்னு பந்து வர்றதுக்கு முன்னாடியே லிவர்பூல் முடிவு பண்ணிட்டாங்க.

இதுல பந்து பின்னாடியே போகல, கவனிச்சீங்களா? பக்கவாட்டுலதான் போச்சு. "பின்னாடி போனா பாயணும்"னா சலா நின்ன இடத்துலயே நிக்க வேண்டியதுதான்.

முதல் டச்:
வளைவு, முதுகுப்பக்கம் மறைக்கிறது எல்லாம் சரி. ஆனா எப்போ கிளம்பணும்னு நீங்க சொல்லவே இல்ல. நான் சொல்றேன்: வாங்கறவனோட ஃபர்ஸ்ட் டச். டச் கெட்டுப்போனா பாயலாம், நல்லா இருந்தா நிக்கணும். டச் பார்க்காம பாயறவன் ஒரே டச் பாஸ்ல மாட்டிக்குவான்.

நடுவட்டம்:
இல்ல சார். டச் பார்த்துட்டுக் கிளம்பினா வண்டி போயிடும்.

கணக்குப் போட்டே பாருங்க. ரெண்டு சென்டர் பேக்குக்கும் நடுவுல 20 மீட்டர். ஓரளவு அழுத்தி அடிச்ச பாஸ் நொடிக்கு 15 மீட்டர் போகும்னா, போய்ச் சேர ஒண்ணேகால் நொடிக்குக் கொஞ்சம் மேல. சலா 14 மீட்டர் தள்ளி மெதுவா நகர்ந்துட்டு இருக்கார். பந்து ஸ்டோன்ஸ் காலை விட்டுக் கிளம்பும்போதே அவரும் கிளம்பினா, ஓட்டமெண்டி தொடும்போது நடுவுல ஆறேழு மீட்டர்தான் மிச்சம். ஓட்டமெண்டி தலையைத் தூக்கறதுக்குள்ள சலா வந்துடுவார். டச் வரைக்கும் நின்னார்னா முழு 14 மீட்டரும் பாக்கி, ரெண்டு நொடிக்கு மேல ஆகும். அந்தத் தரத்துல ஆடறவனுக்கு அதுக்குள்ள ஒரு டச் வச்சு, பார்த்து, நிதானமா பாஸ் போட்டுட முடியும்.

பந்து நகரும்போது யாராலும் அதை விளையாட முடியாது. அந்த நேரம்தான் நமக்குச் சும்மா கிடைக்கிற தூரம்.

முதல் டச்:
டச் பார்க்காம பாயறவன் மாட்டுவான்னுதான் திரும்பச் சொல்றேன். உங்க கணக்குல ஓட்டமெண்டி ஒரே டச்ல கீப்பருக்குத் திருப்பிவிட்டா? சலா ஓடினது வீண்.

நடுவட்டம்:
வீண் இல்ல. கீப்பருக்குப் போற அந்தப் பந்துதான் அடுத்த ட்ரிகர். ஓட்டமெண்டி இப்ப சலா நிழல்ல இருக்கார். ஃபிர்மினோ கீப்பரை நோக்கிப் போறார், ஆனா ஃபெர்னாண்டினோவைத் தன் முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டேதான் போறார். மறுபக்கம் மானே ஸ்டோன்ஸ் பக்கம் ஏறுவார். கீப்பர் நீளமா அடிக்கணும், அதுவும் அவசரமா.

எப்போ பாயக் கூடாதுன்னும் சொல்றேன், அப்புறம் நான் மறைச்சேன்னு சொல்லாதீங்க. பாஸ் வேகமா, சுத்தமா தரையோட போகுது, வாங்கறவன் இடுப்பைத் திறந்து மைதானம் முழுசும் தெரியற மாதிரி நிக்கிறான், பந்து அவனோட தூரக் காலுக்கு வருது. இந்த மூணும் சேர்ந்தா விங்கர் நிக்கணும், உள்ளே சுருங்கணும். மாறா பாஸ் மெதுவா போகுது, இல்ல குதிச்சுக்கிட்டே போகுது, இல்ல வாங்கறவன் தன் கோலைப் பார்த்து நிக்கிறான்னா, அதுல ஒண்ணு போதும், கிளம்பிடலாம். இதெல்லாம் டச்சுக்கு முன்னாடியே கண்ணுக்குத் தெரியும்.

ஆன்ஃபீல்ட் பித்தன்:
ராபர்ட்சன் ஓட்டத்தை மட்டம் தட்டறதை என்னால ஏத்துக்க முடியாது. அப்போ ஸ்கோர் 4-1. எதிரணி மனசு உடையறதும் ப்ரெஸ்ல சேர்த்திதான்.

லீட்ஸ் வேலு:
மனசு உடைஞ்ச சிட்டி 84-ம் நிமிஷமும் ஸ்டாப்பேஜ் டைம்லயும் ரெண்டு கோல் போட்டு 4-3 ஆக்கினாங்களே, அதைச் சொல்லுங்க. லெஃப்ட் பேக் எதிரணிப் பெட்டிக்குள்ள போயிட்டா அவன் இடத்துல யாரு நிப்பா?

நடுவட்டம் சாருக்கும் ஒரு விஷயம். ட்ரிகர் ட்ரிகர்னு சொல்றீங்க, கோச் பியெல்சாவோட லீட்ஸ்ல ட்ரிகரே கிடையாது. ஆளுக்கு ஆள். உன் ஆளுக்குப் பந்து வருதா, போ. முடிவெடுக்கிற தலைவலியே இல்ல.

நடுவட்டம்:
2020 டிசம்பர் 20, ஓல்ட் டிராஃபோர்ட், மான்செஸ்டர் யுனைடெட்கிட்ட லீட்ஸ் 6-2 தோத்தது. முதல் மூணு நிமிஷத்துலயே மெக்டாமினே ரெண்டு. ஆளைப் பிடிச்சுக்கிட்டே சுத்தினா, நடுவுல ஒருத்தன் தன் ஆளைத் தாண்டி ஓடிட்டான்னா பின்னாடி மறைக்க யாரும் இருக்க மாட்டாங்க. போன தடவையும் இதே வாதம், இதே பதில்.

லீட்ஸ் வேலு:
போன தடவையும் அந்த ஒரே ஸ்கோரைக் காட்டித்தான் வாயை அடைச்சீங்க. அந்த சீசன் லீட்ஸ் 9-வது இடம். அதை ஒரு தடவையாவது சொல்லியிருக்கீங்களா?

குட்டிப் படை கோச்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் 14 வயசுக்குக் கீழே உள்ள பசங்களுக்குப் பயிற்சி தர்றேன். முன்னாடி மூணு பேரும் நல்லா ஓடறாங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் பந்து ஃபுல் பேக்குக்குப் போயிடுது, அவன் ஃப்ரீயா தூக்கிட்டு வர்றான். விங்கரோட ஸ்டாமினா பத்தலையா? ஓட்டப் பயிற்சியைக் கூட்டணுமா?

நடுவட்டம்:
கோச், விங்கரைத் திட்டாதீங்க, தப்பு பெரும்பாலும் அவன்கிட்ட இல்ல. ஓட்டப் பயிற்சியால இது சரியாகாது.

விங்கர் வளைஞ்சு வந்து தரைவழியை மறைச்சதும் சென்டர் பேக்குக்கு மிச்சம் இருக்கிறது தலைக்கு மேல தூக்கிப் போடறது. தூக்கின பந்து காத்துல இருக்கிற நேரம் நம்மளது. அந்த நேரத்துல ஃபுல் பேக் மேல போக வேண்டியவன் அந்தப் பக்கத்து மிட்ஃபீல்டர். அவன் பந்து மேல எழும்பறதைப் பார்த்துட்டுக் கிளம்பினா லேட். விங்கர் கிளம்பினதைப் பார்த்தே ரெண்டு மூணு அடி அந்தப் பக்கம் நகர்ந்திருக்கணும். விங்கருக்கு ட்ரிகர் பந்து, மிட்ஃபீல்டருக்கு ட்ரிகர் விங்கர். அவன் நகர்ந்த இடத்தை நடுவுல இருக்கிறவன் வந்து அடைக்கணும், பின்வரிசை மேல ஏறணும். முன் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவுல 30 மீட்டருக்கு மேல இருந்தா பாயவே வேண்டாம்னு பசங்ககிட்ட சொல்லிடுங்க.

அடுத்த மேட்ச்ல இதை மட்டும் பாருங்க: ஃபுல் பேக் பந்து வாங்கும்போது முன்னாடி பார்த்துட்டு இருக்கானா, பின்னாடியா? முன்னாடி பார்த்து, மார்ல இறக்கி, நிதானமா ஆடறான்னா மிட்ஃபீல்டர் லேட். பின்னாடி திரும்பியே ஒரே டச்ல விடறான்னா உங்க ப்ரெஸ் வேலை செய்யுது, பந்து கிடைக்கலன்னாலும்.

இன்னொண்ணு, விங்கர் கடைசி ரெண்டு மூணு மீட்டர்ல வேகத்தைக் குறைச்சு, சின்னச் சின்ன அடி வச்சு, பக்கவாட்டா நிக்கணும். அதே வேகத்துல போய் விழுந்தா சென்டர் பேக் உள்ளங்கால்ல பந்தை ஒரு இழு இழுத்து அவனைத் தாண்டிடுவான்.

முதல் டச்:
இப்பதான் என் பாயிண்டுக்கே வர்றீங்க. உள்ளங்கால்! கோச் டி செர்பியோட பிரைட்டன் என்ன பண்ணாங்க? சென்டர் பேக் லூயிஸ் டங்க் பந்து மேல உள்ளங்காலை வச்சு அசையாம நிப்பார். பாஸே கிளம்பல. உங்க ஒண்ணேகால் நொடி எங்கே? 2023 ஜனவரி 14, அதே தேதி, அதே கோச் க்ளாப், அதே லிவர்பூல், பிரைட்டன்ல 3-0 தோத்தாங்க. டச் பார்க்காம பாயறவன் மாட்டுவான்னு நான் சொன்னதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

நடுவட்டம்:
டங்க் காலை வச்சு நிக்கும்போது டச் நடந்து முடிஞ்சாச்சு சார். உங்க விதிப்படி டச் நல்லா இருந்தா நிக்கணும். சரி, நின்னாச்சு. அவரும் நிக்கிறார். எத்தனை நேரம் நிப்பீங்க? அவர் காத்துட்டு இருக்கிறதே யாராவது ஒருத்தன் பொறுமை இழந்து தனியா வரணும்னுதான். வந்ததும் அவன் விட்ட இடத்துல இருக்கிற மிட்ஃபீல்டருக்குப் பாஸ், அவன் ஒரே டச்ல வேற ஒருத்தனுக்கு, மூணாவது ஆள் முன்னாடி பார்த்து ஓடறான். அசையாத பந்துக்கு உங்க விதிலயும் பதில் இல்ல.

அதுக்குப் பதில், முன்னாடி இருக்கிறவன் பந்துக்குப் போகாம பின்வரிசைக்கு முன்னாடி நிக்கிற ரெண்டு பிவட் மிட்ஃபீல்டரையும் மறைச்சு நிக்கிறது. டங்க் கடைசியில எங்கேயோ பாஸ் கொடுத்தே ஆகணும். அந்தப் பாஸ் கிளம்பும்போது பாயணும், அது போய்ச் சேர்ந்து டச் வைக்கும்போது இல்ல.

முதல் டச்:
3-0க்குப் பதில் சொல்லுங்க.

நடுவட்டம்:
முதல் கோல் 46-வது நிமிஷம், லிவர்பூல் டிஃபெண்டர் மாட்டிப் கொடுத்த பாஸ் தப்பிப் போய், அங்கேருந்து பிரைட்டனோட மிட்டோமா, மார்ச். அன்னிக்கு நாள் முழுக்க லிவர்பூல் மோசமா ஆடினாங்க, சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் கோலை டங்க் உள்ளங்கால் கணக்குல எழுத முடியாது.

முதல் டச்:
ஒரு கோலுக்குத்தான் பதில் வந்திருக்கு. மிச்சம் ரெண்டு? டச் பார்க்காம பாயறவன் மாட்டுவான். எழுதி வச்சுக்கோங்க.

ஆன்ஃபீல்ட் பித்தன்:
அன்னிக்கு விட்டதெல்லாம் பேசறீங்க, 2018ல ராபர்ட்சன் ஓடினதை மட்டும் ஒத்துக்க மாட்டீங்க.

லீட்ஸ் வேலு:
9-வது இடம். இன்னும் பதில் வரல.

குட்டிப் படை கோச்:
நடுவட்டம் சார், நன்றி, மிட்ஃபீல்டரைப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: எங்க எதிரணி கோல்கிக்கைப் பெட்டிக்குள்ளயே சென்டர் பேக்குக்குச் சின்னதா தட்டிவிடறாங்க. 2019ல விதி மாறினதுலேருந்து பந்து பெட்டியைத் தாண்ட வேண்டியதில்லையே. நம்ம விங்கர் பெட்டி ஓரத்துல நின்னா, கீப்பர் உதைச்சதும் கிளம்பணுமா, இல்ல…

முதல் டச்:
டச் பார்த்து, கோச்.

நடுவட்டம்:
கீப்பர் உதைச்சதும், கோச். பெட்டிக்கு வெளியே நின்னு, பந்து நகர்ந்த கணமே உள்ளே. வளைவு மறந்துடாதீங்க.