சட்டைய மட்டும் மாத்தச் சொன்னா முகமும் சேர்ந்து மாறுது, உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

நெல்லை ஸ்டூடியோ

போன வாரம் நடந்தது, இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஒரு பொண்ணு அவங்க அப்பா போட்டோவ கொண்டு வந்தாங்க, போன்ல எடுத்தது, கட்டம் போட்ட சட்டை, அத வெள்ளைச் சட்டையா மாத்தணும், அவ்வளவுதான் கேட்டாங்க. கடைப் பையன் ஏஐ-ல ஏத்திட்டு இத டைப் பண்ணான்:

```
Make him look neat in a white shirt
```

சட்டை நல்லாவே வந்துச்சு, காலர் மடிப்பு வரைக்கும். அந்தப் பொண்ணு ஸ்கிரீன கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அண்ணே, இது எங்க சித்தப்பா மாதிரில்ல இருக்கு"ன்னு சொன்னாங்க. ஒரிஜினல பக்கத்துல வச்சுப் பாத்தா, ரெண்டு நாள் தாடி இல்ல, புருவத்துல இருந்த தழும்பு இல்ல, தலை வாரி விட்டிருக்கு, உதட்டுல லேசா ஒரு சிரிப்பு. அவன் எழுதினது சட்டையப் பத்தி இல்லையே, ஆளையே நீட்டா காட்டுன்னுதான எழுதியிருக்கான், அது தாடியில இருந்து தழும்பு வரைக்கும் எல்லாத்தையும் நீட்டாக்கிருச்சு. அப்புறம் ஒரிஜினல்ல இருந்தே மறுபடி ஆரம்பிச்சு இப்படிப் போட்டோம்:

```
Change only the checked shirt to a plain white cotton
shirt with the same collar. Keep his face, expression,
stubble, eyebrow scar, hair, framing and lighting
exactly as they are.
```

தாடி வந்துருச்சு, சிரிப்பு போயிருச்சு. தழும்பு மட்டும் கொஞ்சம் மங்கலாத்தான் இருந்துச்சு. உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?

காஞ்சி சேலை வியாபாரி

எனக்கு நேர் எதிர் ஆச்சு, முகம் இல்ல, சேலை. அரக்கு கலர் சேலை, பின்னாடி சுவர் அசிங்கமா இருக்குன்னு "பேக்ரவுண்ட பீச் சன்செட்டா மாத்து"ன்னு போட்டேன். பேக்ரவுண்ட் வந்துச்சு, கூடவே சேலை செங்கல் கலருக்குப் போயிருச்சு. வாங்கின அம்மா பார்சல பிரிச்சு வீடியோ கால்ல காட்டி "நீங்க போட்டது இது இல்லையே"ன்னு கேட்டாங்க, பணத்தத் திருப்பிக் குடுத்தேன். இப்பல்லாம் கடைசியில "மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்"னு ஒரு வரி சேர்த்துடறேன், பிரச்சனையே இல்ல. அந்த ஒரு வரி போதுங்க, ஸ்டூடியோக்காரர் மாதிரி இவ்வளவு நீளமா எழுதத் தேவையில்ல.

பிக்சல் கார்த்தி

போதாதுங்க, உங்க சேலை கேஸ்லயே அது நிக்காது. சாயங்கால வெளிச்சத்த நீங்களே கேட்டிருக்கீங்க, அந்த வெளிச்சத்துல சேலை எப்படித் தெரியுமோ அப்படித்தான் அது வரையும். மத்ததெல்லாம் அப்படியேன்னு சொன்னா சேலையும் அதுக்குள்ள வருமா, வெளிச்சம் படறது சரிதானான்னு அதுவா ஒரு முடிவு எடுத்துக்கும். பீச் வேணும்னா "மேகமூட்டமான பகல் வெளிச்சம், ஆள் மேல விழற வெளிச்சம் இப்ப இருக்கறதே, சேலை கலர் அரக்கு, மாறக் கூடாது"ன்னு எழுதுங்க. விக்கற பொருளுக்கு கலர் துல்லியமா வேணும்னா சேலைப் பகுதிய ஒரிஜினல்ல இருந்தே எடுத்து மேல ஒட்டுங்க.

இது ஏன்னா, நாம சட்டைன்னு சொன்னதும் அது போய் சட்டைய மட்டும் தொடறதில்ல. இப்ப இருக்கற பெரும்பாலான டூல்கள் முழுப் படத்தையும் சுருக்கி உள்ள வாங்கி, நம்ம வரியப் படிச்சு, முழுசா புதுசா வரையுது. தழும்பு, ஜரிகை, போர்டுல இருக்கற சின்ன எழுத்து, இதெல்லாம் சுருக்கும்போதே பாதி போயிரும், நீங்க என்ன எழுதினாலும். அதான் ஸ்டூடியோ அண்ணனுக்கு தழும்பு மங்கலா வந்தது. 2022-ல பெர்க்லி யுனிவர்சிட்டில இருந்து வந்த இன்ஸ்ட்ரக்ட் பிக்ஸ் டூ பிக்ஸ்ங்கற, எழுதிச் சொன்னா படத்த எடிட் பண்ற ஏஐ-ல ரெண்டு அளவு தனித்தனியா இருந்துச்சு, எழுத்துக்கு எவ்வளவு கட்டுப்படணும்னு ஒண்ணு, ஒரிஜினல் படத்துக்கு எவ்வளவு கட்டுப்படணும்னு ஒண்ணு. இப்ப போன் ஆப்ல அந்த ரெண்டாவது அளவு நம்ம கைக்கு வர்றதே இல்ல, எல்லாத்தையும் வார்த்தையிலயே சொல்ல வேண்டியிருக்கு.

மாறிருக்கான்னு கண்ணால பாத்து நம்பாதீங்க. கிம்ப்லயோ போட்டோஷாப்லயோ ஒரிஜினல் மேல எடிட் பண்ணத வச்சு பிளெண்ட் மோட டிஃபரன்ஸ்ல போடுங்க. மாறாத இடம் கறுப்பாத் தெரியும். சட்டை மட்டும் மின்னணும், முகத்தோட ஓரமெல்லாம் கோடு கோடாத் தெரிஞ்சா தலை நகர்ந்திருக்குன்னு அர்த்தம். மொத்தமா லேசா சாம்பலா இருந்தா அது திரும்ப வரைஞ்சதால வர்றது, அத விட்டுடலாம். டூல் படத்த வேற சைஸ்ல குடுத்திருந்தா முதல்ல ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாங்க, இல்லன்னா எல்லாமே மின்னும்.

அத்தை பொண்ணு

குரூப் போட்டோ கதை ஒண்ணு. மாமா கண்ணாடியில ஃபிளாஷ் அடிச்சிருந்துச்சு, "அவர் கண்ணாடிய எடுத்துடு"ன்னு தமிழ்லயே எழுதினேன். மாமா கண்ணாடியும் போச்சு, தாத்தா கண்ணாடியும் போச்சு, தாத்தா கண்ணு வேற யாரோ கண்ணா இருந்துச்சு, பாட்டி அதப் பாத்துட்டு போன கீழ வச்சுட்டாங்க. தமிழ்ல எழுதினா புரியாது, இங்கிலீஷ்லதான் எழுதணும்.

பிக்சல் கார்த்தி

மொழி காரணம் இல்லன்னுதான் தோணுது. அந்தப் போட்டோல "அவர்"னா யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்? "பின்வரிசையில நீலச் சட்டை போட்ட மீசைக்காரர்"னு அடையாளம் சொல்லுங்க. இடது வலதுன்னு மட்டும் சொல்லாதீங்க, பாக்கறவங்களுக்கு இடதா அவருக்கு இடதான்னு மாறிப் போகும். இன்னொண்ணு, உங்களுக்கு வேண்டியது கண்ணாடிய எடுக்கறதே இல்ல, ஃபிளாஷ் பளபளப்ப எடுக்கறது. கண்ணாடி போனா அதுக்குப் பின்னாடி இருக்கற கண்ண அது கற்பனையாத்தான் வரையணும்.

அத்தை பொண்ணு

ஆமா, ஃபிளாஷ மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனா அதே வரிய இங்கிலீஷ்ல போட்டப்ப தாத்தா கண்ணாடி போகலையே, அதுக்கு என்ன சொல்றீங்க?

வேலூர் அப்பா

பையனுக்கு அமெரிக்க விசா போட்டோ வேணும், பின்னாடி பச்சை சுவர், அத வெள்ளையாக்க எப்படி எழுதணும்? வீட்டு போட்டோ ஒண்ணுல போட்டுப் பாத்தேன், காது ரெண்டும் சின்னதாயிருச்சு.

நெல்லை ஸ்டூடியோ

ஐயா, இத தயவுசெஞ்சு ஏஐ-ல பண்ணவே பண்ணாதீங்க. போட்டோவ டிஜிட்டலா மாத்தக் கூடாதுன்னு அவங்க விதியிலயே இருக்கு, நீங்க எவ்வளவு நல்லா எழுதினாலும் முகத்த அது திரும்ப வரைஞ்சதுதான். பக்கத்து ஸ்டூடியோவுல வெள்ளைத் திரை முன்னாடி நிக்க வைங்க, ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், ரெண்டு இன்ச்சுக்கு ரெண்டு இன்ச், கண்ணாடி போடக் கூடாது, காதுல ஹெட்செட் கூடாது. பையன் வெள்ளைச் சட்டை போட்டா பின்னாடி வெள்ளையோட கலந்துரும், அதனால கலர் சட்டை போட்டு அனுப்புங்க. நிழல் விழாம திரையில இருந்து ரெண்டு மூணு அடி தள்ளி நிக்கச் சொல்லுங்க.

சேலம் டிசைனர்

எல்லாரும் ஒண்ண விட்டுட்டீங்க. "முகத்த மாத்தாதே"ன்னு எழுதாதீங்க, நான் அப்படி எழுதினப்பல்லாம் முகம்தான் மாறுச்சு. "முகம் இப்ப இருக்கற மாதிரியே"ன்னு எழுதினா நிக்குது. அப்புறம் ஒரு எடிட் முடிஞ்ச படத்து மேலயே அடுத்தத போடாதீங்க, ஒவ்வொரு தடவையும் முழுசா வரையறதால தோல் மெழுகாயிட்டே வரும். ஒரிஜினல எடுத்து எல்லாத்தையும் ஒரே வரியில கேளுங்க.

பிக்சல் கார்த்தி

ஒரிஜினல்ல இருந்து ஆரம்பிக்கறது சரி. ஒரே வரியில நாலு வேலை கேட்டா நாலும் ஒண்ணோட ஒண்ணு கலக்குது, அத நான் ஒத்துக்க மாட்டேன். ஒவ்வொரு மாத்தத்தையும் ஒரிஜினல்லயே தனித்தனியா எடுத்து லேயர்ல சேருங்க. "மாத்தாதே" விஷயம் டூலுக்கு டூல் வேறயா இருக்கு, எனக்கு ஒண்ணுல நல்லாவே வேலை செய்யுது.

சேலம் டிசைனர்

எனக்கு எதுலயும் செய்யல. ஸ்டூடியோ அண்ணே, அந்த பேனர் கடைசியில எப்படி முடிஞ்சுது?

நெல்லை ஸ்டூடியோ

ஏஐ குடுத்ததுல இருந்து சட்டைய மட்டும் மாஸ்க் போட்டு எடுத்து ஒரிஜினல் மேல வச்சோம். காலர் கழுத்தத் தொடற இடத்துல மட்டும் மாஸ்க் ஓரத்த லேசா மென்மையாக்கணும், அங்க பழைய கட்டம் ஒரு நூல் அளவுக்கு எட்டிப் பாத்துச்சு, அத குளோன் ஸ்டாம்ப்ல எடுத்தேன். முகம் முழுக்க அவங்க கொண்டு வந்த போட்டோதான், தழும்போட. ஆறுக்கு நாலு அடில பிரிண்ட் போட்டுக் குடுத்தாச்சு.