'பொது எண்ணம்' போதுமா? பிரிவு 34-க்கு ஒரு சொல் தேடி

கதிரேசன் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். குற்றவியல் சொல்லடைவில் ஒரு பதிவு என்னை ஒரு வாரமாக நகரவிடவில்லை. பலர் சேர்ந்து ஒரு குற்றச் செயலைச் செய்தால், ஒவ்வொருவரும் தாமே தனியாகச் செய்ததைப் போலப் பொறுப்பாவார் என்கிறது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவில் 3(5). அங்கே வரும் 'காமன் இன்டென்ஷன்' என்பதைப் பொது எண்ணம் என்று சிலரும் பொதுக் கருத்து என்று சிலரும் எழுதுகிறார்கள். சட்டவிரோதக் கூட்டத்தைப் பற்றிய 149-இல் வரும் 'காமன் ஆப்ஜெக்ட்' பொது நோக்கம் ஆகிறது. எண்ணம், கருத்து, நோக்கம் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் வாசகர் எதைக் கொண்டு பிரித்தறிவார்? வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

சேவியர்:

செய்தி மேசையில் இதற்கு நாங்கள் தலையை உடைத்துக்கொள்வதில்லை. 'கூட்டுச் சதி' என்று போட்டால் எல்லோருக்கும் புரிகிறது. 34 வேண்டுமென்றால் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும் என்றுதான் வழக்கறிஞர்களும் சொல்கிறார்கள். முன்கூட்டிப் பேசுவது சதி அல்லாமல் வேறென்ன?

வளர்மதி:

சேவியர், பாதி சரி. மனங்கள் முன்பே இசைந்திருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த 'முன்பே' என்பது அடி விழுவதற்குச் சற்று முன்னதாக, சம்பவ இடத்திலேயேகூட இருக்கலாம். பத்து நாள் திட்டமிடல் தேவையில்லை. சதி தனிக் குற்றம். கொலை செய்ய இருவர் உடன்பட்டாலே போதும், கொலை நடக்காவிட்டாலும் வழக்கு நிற்கும். 34 தனிக் குற்றமே அல்ல. கொலையோ கொள்ளையோ நடந்த பிறகு, அது யார் யாரைச் சேரும் என்று சொல்லும் விதி அது. அதனால்தான் கொலைக் குற்றச்சாட்டில் '302 உடன் 34' என்று ஒட்டிக்கொண்டே வருகிறது. நாளிதழில் 'கூட்டுச் சதி' என்று படித்துவிட்டு நீதிமன்றத்துக்கு வருபவர்களுக்கு இதை விளக்கியே என் தொண்டை வறண்டிருக்கிறது.

கதிரேசனுக்கு: எந்தச் சொல்லை எடுத்தாலும் மஹபூப் ஷா வழக்கில் வைத்துப் பாருங்கள். 1943 ஆகஸ்டில் சிந்து நதியில் படகில் போய் நாணல் வெட்டித் திரும்பிய சிலரை நிலக்காரர் தரப்பு இளைஞன் காசிம் ஷா மறித்து, நாணலைக் கொடு என்கிறான். கைகலப்பில் அல்லா தாத் என்பவர் அவனை மூங்கில் கழியால் அடிக்கிறார். அவன் கூவுகிறான். வலி ஷா, மஹபூப் ஷா இருவரும் துப்பாக்கியோடு வருகிறார்கள். வலி ஷா சுட்டு அல்லா தாத் சாகிறார். மஹபூப் ஷா சுட்டதில் ஹமிதுல்லா என்பவருக்குச் சிறு காயங்கள் மட்டும். வலி ஷா தப்பி ஓடிவிட, மஹபூப் ஷாவுக்கு 34-இன் துணையோடு மரண தண்டனை விதிக்கப்பட்டது. லாகூர் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

1945-இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அந்தக் கொலைத் தண்டனையை நீக்கியது. தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் முன்பு நீதிபதியாக இருந்த சர் மாதவன் நாயர். இருவரும் துப்பாக்கி எடுத்தார்கள், இருவரும் சுட்டார்கள், இருவர் மனத்திலும் ஒரே மாதிரியான எண்ணம் இருந்திருக்கலாம். ஆனால் அல்லா தாதைக் கொல்வோம் என்று இருவரும் இசைந்ததற்குச் சான்று இல்லை. இசைவு ஏதேனும் இருந்ததென்றால், அது அடிபடும் காசிம் ஷாவைத் தேவைப்பட்டால் துப்பாக்கியைக் கொண்டாவது மீட்பது என்பதாகவே இருந்திருக்கும்.

இப்போது இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: 'இருவருக்கும் ஒரே எண்ணம் இருந்தது, ஆனால் ______ இல்லை.' அங்கே 'பொது எண்ணம்' என்று போட்டால் வாக்கியம் தன்னையே மறுத்துக்கொள்கிறது. இருவருக்கும் ஒரே எண்ணம் என்றால் அது பொதுதானே என்று பள்ளி மாணவன்கூடக் கேட்பான். என் பரிந்துரை 'இசைந்த எண்ணம்'.

முருகேசன்:

சொல் ஆராய்ச்சிக்கு நடுவே குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என் தம்பி ஒரு கோயில் திருவிழாத் தகராறு வழக்கில் நான்காம் எதிரி. அவன் யாரையும் தொடவில்லை, மதில் ஓரம் நின்றிருந்தான், அவ்வளவுதான். அவனுக்கும் 34 போட்டிருக்கிறார்கள். வளர்மதி அம்மா சொல்வதைப் பார்த்தால் அவனை விட்டுவிட வேண்டும் அல்லவா?

வளர்மதி:

முருகேசன் ஐயா, நான் சொன்னதிலிருந்து அவ்வளவு தூரம் போக முடியாது. 1923-இல் கல்கத்தாவின் சங்கரிதோலா அஞ்சலகத்தில் பணம் எண்ணிக்கொண்டிருந்த அஞ்சல் அதிகாரியைச் சிலர் சுட்டுக் கொன்றார்கள். பிடிபட்ட பரேந்திர குமார் கோஷ், தான் முற்றத்தில் நின்றதாகவும் சுடவில்லை என்றும் சொன்னார். 1924-இல் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. நின்று காத்திருப்பவரும் தம் பங்கை ஆற்றுகிறார் என்றது. காவலுக்கு நிற்பதும் செயலில் ஒரு பகுதி.

ஆகவே கேள்வி, தம்பி தொட்டாரா என்பதல்ல. ஏன் அங்கே நின்றார், யாரோடு வந்தார், வழியை மறித்தாரா, கையில் என்ன இருந்தது, அடித்தவர்களோடு சேர்ந்து ஓடினாரா? வேடிக்கை பார்க்க நின்றவர் 34-க்குள் வரமாட்டார். சாட்சிகளின் வாக்குமூலத்தில் 'நான்காம் எதிரி' என்ன செய்ததாக இருக்கிறது என்று உங்கள் வழக்கறிஞரிடம் வரிவரியாகக் கேளுங்கள். எதிரிகள் மொத்தம் ஐந்து பேரோ அதற்கு மேலோ என்றால் 149-உம், புதிய சட்டத்தில் 190-உம், சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இன்னும் அகலமான வலை. அங்கே பொது நோக்கம் கொண்ட கூட்டத்தில் உறுப்பினராக இருந்தாலே பொறுப்பு வந்துவிடும்.

சுந்தரம்:

கூட்டுப் பொறுப்பு பற்றிய பேச்சு என்று நினைத்து உள்ளே வந்தேன். எங்கள் ஊரில் ஐந்து பெண்கள் குழுவாகக் கடன் வாங்கினார்கள். ஒருவர் கட்டவில்லை என்று மற்ற நால்வரிடமும் வசூலிக்க வருகிறார்கள். இந்த 34 அவர்களுக்குப் பொருந்துமா?

கதிரேசன்:

பொருந்தாது, சுந்தரம். அது ஒப்பந்தப்படி வரும் கடன் பொறுப்பு; இது குற்றப் பொறுப்பு. ஆனால் உங்கள் கேள்வியால் எனக்கு ஒரு பயன். 'கூட்டுப் பொறுப்பு' என்ற சொல்லைக் கடன் குழுவும் வைத்திருக்கிறது, அமைச்சரவையும் வைத்திருக்கிறது. மூன்றாவதாகக் கொலை வழக்கையும் அதில் ஏற்ற வேண்டாம். 'இணைக் குற்றப்பொறுப்பு' என்று எழுதிவிடுகிறேன்.

யோகேஸ்வரி (யாழ்ப்பாணம்):

எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் இது 32-ஆம் பிரிவு. ஒரே எண்ணம் வேறு, இது வேறு என்ற அதே சிக்கலை இங்கும் யூரிகளுக்கு விளக்க வேண்டியிருந்தது. வளர்மதியின் சோதனை வாக்கியம் நன்று. ஆனால் 'இசைந்த எண்ணம்' எனக்கு உறுத்துகிறது. இசைவு என்றால் இங்கே சம்மதம். பாலியல் குற்ற வழக்கில் 'இசைவின்றி' என்று எழுதும் அதே கையால் இதையும் எழுதினால், ஒருவர் கேட்டு மற்றவர் சம்மதித்தார் என்ற பொருள் வந்துவிடும். 34-இல் கேட்பவரும் இல்லை, தருபவரும் இல்லை. எல்லோரும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். 'ஒருமித்த எண்ணம்' என்று வைத்துப் பாருங்கள். இருவருக்கும் ஒரே எண்ணம் இருந்தது, ஆனால் ஒருமித்த எண்ணம் இல்லை.

வளர்மதி:

வாக்கியம் நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாயால் வாசிக்கும்போது 'ஒரே', 'ஒருமித்த' இரண்டும் ஒன்றில் ஒன்று கரைகின்றன. சாட்சிக் கூண்டருகே நின்று வாசிக்க வேண்டிய சொல் இது. கண்ணுக்கு மட்டும் பிடித்தால் போதாது. இசைவு சம்மதத்தோடு மோதுகிறது என்பதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

சேவியர்:

தலைப்பில் ஒருமித்த எண்ணம் அடங்காது. ஆனால் சதி இல்லாத வழக்கில் சதி என்று போடுவதை நிறுத்துகிறேன். 'சேர்ந்து செய்த கொலை: மூவருக்கு ஆயுள்' என்று போட்டால் உங்களுக்குச் சம்மதமா?

கதிரேசன்:

அதில் தவறில்லை, சேவியர். சொல்லடைவில் இப்போதைக்கு 'இசைந்த எண்ணம்', 'ஒருமித்த எண்ணம்' இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறேன். சோதனை வாக்கியத்தையும் எடுத்துக்காட்டாகச் சேர்க்கிறேன். பொது எண்ணம் 'பழைய சொல்வழக்கு' என்ற குறிப்போடு இருக்கும், ஏனென்றால் இருக்கும் தீர்ப்புகளைத் தேடுபவருக்கு அந்தச் சொல்தான் வழி. 149-இன் பொது நோக்கத்தை மாற்றவில்லை. அடுத்து, அதே 34-இல் 'காமன் இன்டென்ஷன்' என்பதற்கு முன் வரும் 'இன் ஃபர்தரன்ஸ் ஆஃப்'. 1860-இல் இயற்றிய 34-இல் அது இல்லை. 1870 திருத்தத்தில்தான் எண்ணமும் அதுவும் சேர்ந்து உள்ளே வந்தன. 'நிறைவேற்றும் பொருட்டு' என்றால் எண்ணம் நிறைவேறியே ஆக வேண்டும் என்று தொனிக்கிறதா, இல்லையா?