எனக்கு வந்த இரண்டு மன்னிப்புக் குறிப்புகள்

பிழைதிருத்தி:

அலுவலகத்தில் எரிந்து விழுந்தவர் எப்படி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டவர் என்ன உணர்ந்தார் என்பதை எழுதுபவர்கள் குறைவு. எனக்கு ஒரே சம்பவத்துக்காக ஒரே மனிதரிடமிருந்து இரண்டு குறிப்புகள் வந்தன. முதலாவது என்னை மேலும் காயப்படுத்தியது. இரண்டாவதைப் படித்த பிறகுதான் அவருடன் மறுபடி இயல்பாகப் பேச முடிந்தது.

ஆண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நான் மெய்ப்புப் பார்ப்பவள். அவர் பக்க வடிவமைப்பாளர். புதன்கிழமை இரவு, ஊழியர் செலவு அட்டவணையில் 4,581 என்றும் பின்னால் வரும் விளக்கக் குறிப்பில் 4,518 என்றும் இருப்பதைக் கண்டேன். வித்தியாசம் 63. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்றுதான் எங்கள் வேலையில் முதலில் பார்ப்போம். மூலக் கோப்பைப் பார்த்தேன், அட்டவணைதான் தவறு. கூட்டத்தில் அதைச் சொன்னதும், மற்ற ஐந்து பேர் முன்னிலையில் அவர் கத்தினார்: "பக்கங்களை முடித்த பிறகு வந்து தோண்டுவதுதான் உங்கள் வேலையா? இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

அந்த அட்டவணை என் கைக்கு வந்ததே அன்று மாலைதான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அறையில் இருந்தவர்கள் நான் வேலையைத் தள்ளிப்போட்டேன் என்று நினைத்திருப்பார்கள் என்பதுதான் இரவெல்லாம் உறுத்தியது. கத்தியதைவிட அது பெரிதாகத் தெரிந்தது.

மறுநாள் காலை வந்த முதல் குறிப்பு:

"நேற்று கொஞ்சம் கோபப்பட்டுவிட்டேன். இந்த வாரம் எல்லோருக்கும் எவ்வளவு அழுத்தம் என்று உங்களுக்கே தெரியும். நான் பேசியது உங்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்."

அச்சு முடிந்து திங்கட்கிழமை வந்த இரண்டாவது குறிப்பு:

"புதன்கிழமை கூட்டத்தில் 'இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்' என்று எல்லோர் முன்னிலையிலும் உங்களைக் கேட்டேன். அந்த அட்டவணையை அன்று மாலை ஐந்து மணிக்குத்தான் உங்களுக்கு அனுப்பினேன். தாமதம் என்னுடையது, பழி உங்கள் மேல் விழுந்தது. நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் தவறான தொகை அச்சாகியிருக்கும். வருந்துகிறேன். அன்று அறையில் இருந்தவர்களிடம் இன்று காலைக் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட நினைக்கிறேன். வேண்டாம் என்றால் சொல்லுங்கள், செய்ய மாட்டேன். அடுத்த முறை எண்கள் உள்ள பக்கங்களை மற்றவற்றுக்கு முன்பே உங்களிடம் தருகிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை."

இப்படிப்பட்ட குறிப்பு எழுதியவர்கள், பெற்றவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி:

ஊழியர் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன். சக ஊழியர்களிடையே வரும் மனத்தாங்கல்கள் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். உங்கள் இரண்டாவது குறிப்பில் இருப்பது, நான் பார்த்த பல கடிதங்களில் இல்லாத ஒன்று: அவர் தம் கோபத்துக்காக மட்டும் வருந்தவில்லை, சொன்னது பொய் என்பதையும் எழுதியிருக்கிறார். "என்ன செய்துகொண்டிருந்தீர்கள்" என்பது கேள்வியாக இருந்தாலும் கேட்டவர்கள் காதில் அது குற்றச்சாட்டு. குரலுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டால் குற்றச்சாட்டு அப்படியே நிற்கும். முதல் குறிப்பு உங்களை உறுத்தியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இதை ஆராய்ந்தும் இருக்கிறார்கள். ராய் லெவிக்கியும் அவருடன் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்பை ஆறு கூறுகளாகப் பிரித்து, எது எடுபடுகிறது என்று கேட்டார்கள். 'தவறு என்னுடையது' என்று பொறுப்பேற்பதுதான் முதலிடம் பெற்றது. சரிசெய்ய முன்வருவது அடுத்து வந்தது. 'மன்னித்துவிடுங்கள்' என்று கேட்பதுதான் கடைசி. ஆனால் ஆய்வில் பங்கேற்றவர்கள் ஒரு கற்பனைச் சம்பவத்தைப் படித்துவிட்டுப் பதில் சொன்னவர்கள். பக்கத்து நாற்காலியில் தினமும் உட்காருகிறவர்களுக்கு அந்த வரிசை அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

முதல் குறிப்பில் உள்ள "புண்படுத்தியிருந்தால்" என்ற சொல்லையும் பாருங்கள். ஐந்து பேர் பார்த்த ஒன்றை 'நடந்திருந்தால்' என்று எழுதும்போது, நடந்ததா இல்லையா என்று நிரூபிக்கும் வேலை உங்களிடம் வந்துவிடுகிறது.

இடைவேளை:

என் அனுபவத்தில் விதி ஒன்றுதான். ஒரு மணி நேரத்துக்குள் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். தள்ளிப்போனால் காயம் இறுகிவிடும். இன்னொன்று, காரணம் என்று ஒரு சொல்கூட எழுதக் கூடாது. அழுத்தம், தூக்கமின்மை எல்லாமே சாக்குதான். திங்கட்கிழமை வரை காத்திருந்தவரைப் பாராட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிழைதிருத்தி:

விரைவாக வந்த குறிப்புதான் என்னைக் காயப்படுத்தியது, நண்பரே. வியாழக்கிழமை காலை அவரே இன்னும் அந்த அழுத்தத்துக்குள் இருந்தார். அட்டவணையை எப்போது அனுப்பினோம் என்று திரும்பிப் பார்க்க அவருக்கு நேரம் இருந்திருக்காது.

ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு பகுதி சரி. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நான் அவர் இருக்கும் பக்கமே போகவில்லை. இன்னொரு பக்கத்தில் இருந்த சிறிய ஐயத்தைக் கேட்காமல் நானே முடிவு செய்தேன். நல்லவேளையாக அது சரியாக இருந்தது. அவர் புதன் இரவே வந்து, "நான் பேசியது தவறு, அச்சு முடிந்ததும் முறையாகப் பேசுகிறேன், இப்போது எந்தப் பிழை கண்டாலும் தயங்காமல் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். காலக்கெடு வாரத்தில் திட்டு வாங்கியவர் வாயை மூடிக்கொள்வதுதான் வேலைக்கு மிகப் பெரிய ஆபத்து.

மூன்றாம்மாடி:

அதுவே நானும் சொல்வது. அன்றே நேரில் இரண்டு வரி. நடந்ததைச் சரிபார்த்த பிறகு எழுத்தில் முழுக் குறிப்பு. காரணம் சொல்வதை நான் முழுதாக ஒதுக்க மாட்டேன். "அன்று வேறு ஒரு சிக்கலில் இருந்தேன், அதை உங்கள் மேல் காட்டினேன்" என்பது தகவல். தன்னால்தான் கோபம் வந்ததோ என்று குழம்புகிறவருக்கு அது உதவும். அதே காரணம் 'ஆனால்' என்ற சொல்லோடு, மன்னிப்புக்குப் பின்னால் வந்தால் சாக்காகிவிடும். கடிதத்தைச் சரிபார்க்கும்போது நான் முதலில் தேடுவது அந்த 'ஆனால்' எங்கே நிற்கிறது என்பதைத்தான்.

நீலமை:

சகோதரி, இதை விட்டுவிடாதீர்கள். ஐந்து சாட்சிகள் இருக்கிறார்கள், தவறை ஒப்புக்கொண்ட கடிதமும் கையில் இருக்கிறது. மேலதிகாரியிடம் புகார் கொடுக்க இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. என் பழைய அலுவலகத்தில் ஒருவர் மாதந்தோறும் கத்துவார், மாதந்தோறும் அழகாக மன்னிப்புக் கடிதமும் அனுப்புவார். நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம்.

பிழைதிருத்தி:

நான் புகாருக்கு வழி கேட்கவில்லை. அவர் இதற்கு முன் இப்படிப் பேசியதே இல்லை. பொறுப்பேற்று எழுதிய கடிதத்தை ஆதாரமாகப் பயன்படுத்தினால் அதன்பின் அந்த அலுவலகத்தில் யாரும் நேர்மையாக எழுத மாட்டார்கள். ஆனால் உங்கள் பழைய அலுவலகத்துக் கதை எனக்குப் புரிகிறது. அங்கே கடிதம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே வீண். அவர் கத்துவது குறைந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்மேல் நானும் புகார் கொடுப்பேன்.

செவ்வந்தி:

நான் மறுபக்கத்தில் இருக்கிறேன். போன வாரம் என் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி, வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய இறுதிக் கோப்பின்மேல் பழைய பதிப்பைச் சேமித்துவிட்டான். நான் குழு அரட்டையில், "இதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதா?" என்று எழுதினேன். எல்லோரும் படித்தார்கள். அவன்மேல் தவறு உண்மையிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, "தவறு முழுவதும் என்னுடையது" என்று எழுதினால் அது பொய்யாகாதா? நான் எழுதி வைத்திருப்பது இது:

"தம்பி, அன்று உன்னிடம் கடுமையாகப் பேசியதற்கு வருந்துகிறேன். ஆனால் கோப்புகளைச் சேமிக்கும்போது நீ இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நீ திறமைசாலி, அதனால்தான் கோபம் வந்தது."

மூன்றாம்மாடி:

அனுப்பாதீர்கள் அம்மா. இரண்டாம் வரியில் மறுபடியும் கண்டிக்கிறீர்கள். மூன்றாம் வரியைப் படித்தால் கோபத்துக்கு அவனுடைய திறமையே காரணம் என்று ஆகிறது. கோப்பு அழிந்தது அவன் பொறுப்பு, எல்லோர் முன்னிலையிலும் அவமதித்தது உங்கள் பொறுப்பு. இரண்டையும் ஒரே கடிதத்தில் வைத்தால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். மன்னிப்பில் உங்கள் பங்கை மட்டும் முழுதாக எழுதுங்கள்:

"போன வாரம் குழு அரட்டையில் 'இதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதா' என்று எல்லோரும் பார்க்க எழுதினேன். அப்படி எழுதியது தவறு; எந்தப் பிழைக்கும் அது பதில் அல்ல. இனி வேலையில் குறை இருந்தால் தனியாகத்தான் சொல்வேன்."

கோப்புச் சிக்கலைப் பற்றி வேறொரு நாள் பேசுங்கள். இறுதிப் பதிப்பைத் திருத்த முடியாதபடி பூட்டி வைக்க வழி இருந்ததா என்றும் அப்போது பாருங்கள். புதியவர் ஒருவரால் அவ்வளவு எளிதாக அழிக்க முடிந்தது என்றால் அங்கே வேறு ஓட்டையும் இருக்கிறது.

இடைவேளை:

அரட்டையில் எழுதியதற்கு அரட்டையில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். தனியாகக் கேட்டால், திட்டு எல்லோருக்கும் தெரியும், வருத்தம் ஒருவருக்கு மட்டும் தெரியும்.

பிழைதிருத்தி:

என் விஷயத்தில் கூட்டத்தில் சொல்வதற்கு நான் சம்மதித்தேன். இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. ஆனால் எல்லோருக்கும் அப்படி இருக்குமா என்று தெரியவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு, எல்லோரும் மறந்துபோன ஒன்றை மறுபடி எல்லோர் முன்னிலையிலும் எடுப்பது இன்னொரு தண்டனையாக இருக்கலாம். அவர் என்னிடம் முதலில் கேட்டார் என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

இடைவேளை:

கேட்டால் அவன் "பரவாயில்லை அக்கா" என்றுதான் சொல்வான். மேலே இருப்பவரிடம் புதியவன் வேறு என்ன சொல்ல முடியும்? கேட்பதே ஒப்புக்குத்தான் ஆகும்.

செவ்வந்தி:

நீங்கள் சொல்வது உண்மைதான், அவன் அப்படித்தான் சொல்வான். அதனால் அவனுடைய பதிலை நம்பி முடிவெடுக்க முடியாது. நான் எழுதிய அந்த ஒரு வரியை அரட்டையிலிருந்து நீக்காமல், அதன் கீழேயே "இப்படி நான் எழுதியிருக்கக் கூடாது" என்று போடலாம் என்று தோன்றுகிறது. அவன் பெயரையோ கோப்பையோ மறுபடி இழுக்க வேண்டியதில்லை. முழுக் குறிப்பு அவனுக்குத் தனியாகப் போகும். வரியையே நீக்கிவிட்டால் நல்லதா, இருக்கட்டுமா என்பதில்தான் இன்னும் குழப்பம். இதேபோன்ற நிலையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இன்று மாலை அனுப்ப நினைக்கிறேன்.