120 பேருந்துகள்: டிரங்க் ரேடியோவா, போனில் பிடிடி செயலியா?

பணிமனைக் கட்டுப்பாடு
எங்களிடம் 120 பேருந்துகள், மூன்று மண்டலங்கள். மண்டலத்துக்கு ஒரு அனலாக் சேனல் என்று 40 பேருந்துகள் ஒரே சேனலில் பேசுகின்றன. காலை நெரிசலில் ஓட்டுநருக்கு இடமே கிடைப்பதில்லை. ஓட்டுநர் எல்லோரிடமும் போன் இருக்கிறது, அதில் பட்டனை அழுத்திப் பேசும் ஒரு பிடிடி செயலி போட்டால் போதும் என்று ஒரு கட்சி. சேனல்களைப் பொதுவில் வைத்துத் தேவைப்படுபவருக்கு ஒதுக்கும் டிரங்க் ரேடியோதான் வேண்டும் என்று இன்னொரு கட்சி. கட்டுப்பாட்டு அறையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். எது சரி?

செயலிவழி
செயலியே போதும். டவர் நீங்க கட்ட வேண்டாம், அலைவரிசை உரிமம் வாங்க வேண்டாம், பேருந்து போற சாலையில ஏற்கெனவே சிக்னல் இருக்கு. வண்டி எங்க நிக்குதுன்னு வரைபடத்துலயே தெரியும். எல்லாத்துக்கும் மேல, மூணு சேனல் டிரங்க் போட்டா ஒரு நேரத்துல மூணு பேச்சுதான் நடக்கும். போன்ல 120 பேரும் ஒரே நேரத்துல பேசலாம்.

நாலாம் ஸ்லாட்
120 பேரும் ஒரே நேரத்தில் பேசினால் யார் கேட்பது? அறையில் இருப்பது இரண்டு பேர். சேனலை எவ்வளவு பெருக்கினாலும் காது இரண்டு ஜோடிதான்.

எண்ணிக்கை இல்லாமல் இதில் முடிவெடுக்க முடியாது. நெரிசல் மணியில் ஒரு பேருந்து 2 முறை, முறைக்கு 15 நொடி பேசுகிறது என்று வைப்போம். 120 × 2 × 15 = 3,600 நொடி. ஒரு மணி நேரத்திலும் 3,600 நொடிதான். ஆக உங்கள் மொத்தப் பேச்சும் ஒரே ஒரு சேனலை இடைவிடாமல் நிரப்பும் அளவு, அதாவது 1 எர்லாங்.

இதை மண்டலத்துக்கு ஒன்றாகப் பிரித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு சேனலும் மூன்றில் ஒரு பங்கு நேரம் பிடிபட்டிருக்கும். பட்டன் அழுத்தும் மூன்று பேரில் ஒருவர் காத்திருக்கிறார், காத்திருப்பவருக்குச் சராசரியாக 22.5 நொடி ஆகிறது. அதே மூன்று சேனலையும் எல்லோருக்கும் பொதுவாக்கி வரிசை போட்டால், காத்திருப்பவர் நூற்றுக்கு 9 பேர், சராசரி 7.5 நொடி. ஒரு சேனல்கூடக் கூடவில்லை. பக்கத்து மண்டலச் சேனல் சும்மா இருக்கும்போது அதை எடுத்துக்கொள்ள முடிவதுதான் வித்தியாசம்.

டிரங்க் வகைகளில் டெட்ரா என்றால் ஒரே கேரியர் அலையை நேரத்தால் பிரித்து நான்கு ஸ்லாட்: ஒன்று யாருக்கு எந்த ஸ்லாட் என்று ஒதுக்கும் கண்ட்ரோல் சேனல், மூன்று பேச்சு. டிஎம்ஆர் டயர் 3 என்ற இன்னொரு வகை என்றால், அலையை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் இரண்டு, அதிலும் அதே நான்கு ஸ்லாட்.

செயலிவழி
உங்க கணக்கையே எடுத்துக்கறேன். ஒரு மேம்பாலம் அடைபட்டு பேச்சு இரட்டிப்பானா?

நாலாம் ஸ்லாட்
நியாயமான கேள்வி. 2 எர்லாங் ஆனால் நூற்றுக்கு 44 பேர் காத்திருப்பார்கள், சராசரி 15 நொடி. 3 எர்லாங்கை எட்டினால் வரிசை நீண்டுகொண்டே போகும், தீராது. டிரங்க் போட்டுவிட்டோம் என்று இதை மறந்தவர்கள்தான் பிறகு திட்டுகிறார்கள்.

இதற்குச் சேனல் கூட்டுவது கடைசி வழி. முதல் வழி, பேசாமல் சொல்லவேண்டியதைப் பேசாமலே சொல்வது. “நிலையம் வந்தேன்”, “10 நிமிடம் தாமதம்”, “வண்டி பழுது” ஆகியவற்றை எண் பொத்தானில் நிலைச் செய்தியாக வையுங்கள். அது கண்ட்ரோல் சேனலில் நொடியின் சிறு பகுதியில் போய்விடும், பேச்சு ஸ்லாட்டைத் தொடாது. பாதி அழைப்புகள் அப்படி மாறினால் அடைப்பு நாளின் 2 எர்லாங் மறுபடி 1 ஆகிவிடும்.

இன்னொன்று. பாலம் அடைபட்டதை 40 ஓட்டுநருக்குச் சொல்ல ரேடியோவில் ஒரு ஸ்லாட்டில் ஒரு முறை பேசினால் போதும், அந்த ரேடியோ கோபுரத் தளத்தின் கீழ் எல்லோரும் அதே அலையைக் கேட்பார்கள். செயலியில் சர்வர் 40 போனுக்கும் தனித்தனியே அனுப்புகிறது. 40 பேருந்தும் அந்த அடைப்பிலேயே, அதே டவரின் கீழ், போனைக் கையில் வைத்திருக்கும் பயணிகளோடு நிற்கும்.

ஆலைப் பாதுகாப்பு
எங்கள் ஆலையில் 60 பேர், இரும்புக் கூரைக் கொட்டகைகள். உள்ளே போன் சிக்னல் கிடையாது. எரிவாயுப் பகுதிக்குள் சாதாரண போன் கொண்டுபோகவே கூடாது. கையுறையோடு தொடுதிரையும் வேலை செய்யாது. ஆகவே நானும் டிரங்க்தான் சொல்வேன்.

நாலாம் ஸ்லாட்
உங்கள் இடத்துக்கு நான் டிரங்க் சொல்லமாட்டேன். 60 பேர், ஒரே வளாகம், பராமரிப்புக்கு ஒரு குழு, தீயணைப்புக்கு ஒரு குழு என்றால் சாதாரண டிஎம்ஆர் ரிப்பீட்டர் ஒன்றே இரண்டு பேச்சுப் பாதை தரும். டிரங்கில் ஒரு ஸ்லாட்டைக் கண்ட்ரோலுக்கே கொடுத்துவிட வேண்டும். எரிவாயுப் பகுதிக்கு அதற்கென்று சான்று பெற்ற கருவி வேண்டும் என்பது மட்டும் மாறாது. பேட்டரியும் அதே சான்றுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், வேறு பேட்டரியை மாட்டினால் அந்தச் சான்று போச்சு.

டிரங்குக்கு மாறுபவர்கள் சறுக்கும் இடம் மின்சாரம். சாதாரண ரிப்பீட்டர் யாராவது பேசும்போது மட்டும் அலைபரப்பும். 50 வாட் ரிப்பீட்டர் ஒன்று சும்மா இருக்கும்போது சுமார் 1 ஆம்பியர், அலைபரப்பும்போது சுமார் 10 ஆம்பியர் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் பங்கு நேரம் பேச்சு என்றால் சராசரி 3.25 ஆம்பியர், 8 மணி நேரத்துக்கு 26 ஆம்பியர்-மணி. கண்ட்ரோல் சேனல் தாங்கும் ரிப்பீட்டரோ ஒரு நொடியும் ஓயாது. அதற்கு 80 ஆம்பியர்-மணி வேண்டும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்காமல் வைப்பதென்றால் 160. பழைய பேட்டரியையே விட்டுவைத்தால், மின்தடையில் முதலில் விழுவது அந்த ரிப்பீட்டர்தான். கண்ட்ரோல் சேனல் போனால், மாற்றுக் கண்ட்ரோல் சேனலோ தனித்தியங்கும் முறையோ அமைத்திருக்காவிட்டால், மற்ற ரிப்பீட்டர் நன்றாக இருந்தும் யாரும் பேச முடியாது.

மீட்பு அறை
பேருந்துக்காரர் கேட்டது நெரிசலைப் பற்றி. அவசரப் பணியில் கேள்வி வேறு. 2005 ஜூலை 7 அன்று லண்டனில் குண்டுகள் வெடித்தபோது மொபைல் வலைகள் திணறின. ஆம்புலன்ஸ் சேவையின் மேலாளர்கள் மொபைலையே பெரிதும் நம்பியிருந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த லண்டன் பேரவையின் ஆய்வறிக்கையிலேயே இது இருக்கிறது. எல்லோரும் வீட்டுக்கு அழைக்கும் அதே நிமிடத்தில் நாமும் அழைக்கவேண்டிய கருவியை அவசரக் கருவி என்று எப்படிச் சொல்வது?

செயலிவழி
அதே அறிக்கையை முழுசா சொல்லுங்க. சுரங்கத்துக்குள்ள தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ரேடியோவும் வேலை செய்யலை. ஆளை ஓடவிட்டுத்தான் செய்தி அனுப்பினாங்க.

மீட்பு அறை
உண்மை, மறுக்கவில்லை. தளத்தின் அலை எட்டாத இடத்தில் டிரங்க் கருவி “சேவை இல்லை” என்று ஒலி எழுப்பிவிட்டு நின்றுவிடும். பட்டனை அழுத்தினாலும் பேச விடாது. அதனால்தான் நேரடிப் பயன்முறைச் சேனலை எல்லாக் கருவியிலும் ஒரே குமிழ் நிலையில் வைக்கச் சொல்கிறோம். கருவிக்குக் கருவி, தளமே இல்லாமல், கட்டடத்துக்குள் சில மாடிகள் தாண்டிக் கேட்கும். சாதாரண போனில் அந்தக் கதவு இல்லை. ஆனால் நேரடிப் பயன்முறையில் இருப்பவர் பேசுவது கட்டுப்பாட்டு அறைக்குக் கேட்காது. யார் எப்போது மாறினார் என்று வாசலில் ஒருவர் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

செயலிவழி
2005-ல 4ஜி இல்லை. மொபைல் தரத்தை வகுக்கற 3ஜிபிபியோட வெளியீடு 13-லயே அவசரப் பணிக்கான பிடிடி தரம் எம்சிபிடிடி வந்தாச்சு. பேச்சுக்குன்னு க்யூசிஐ 65-ங்கற சேவைத் தர வகுப்பு தனியா இருக்கு, முன்னுரிமை இருக்கு, பட்டன் அழுத்தி 300 மில்லி நொடிக்குள்ள பேச்சு அனுமதி கிடைக்கணும்னு வரையறையே இருக்கு. ரேடியோவுக்குச் சமம்.

நாலாம் ஸ்லாட்
வரையறை இருக்கிறது, சரி. கடையில் இறக்கும் பிடிடி செயலி அதன் மேல் ஓடவில்லை. அது பக்கத்துப் பயணி பார்க்கும் வீடியோவோடு அதே சாதாரண டேட்டா வரிசையில்தான் நிற்கிறது. க்யூசிஐ 65 வேண்டுமென்றால் மொபைல் நிறுவனம் உங்கள் சிம்முக்கு அதைத் திறந்து தர வேண்டும், அவர்களுடைய எம்சிபிடிடி சர்வரும் வேண்டும். ஒப்பந்தத்தில் அது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதை வாங்கும் முன்பும் இந்தச் சோதனை. பத்துப் போன்களைத் திரை அணைத்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். பிறகு குழுவை அழைத்து “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணுங்கள். எந்தப் போனில் “ஒன்று” விழுங்கப்பட்டது, எது சத்தமே போடவில்லை என்று குறியுங்கள். உடனே இரண்டாம் முறை அழையுங்கள். முதல் அழைப்பு தாமதம், இரண்டாவது உடனடி என்றால் போன் செயலியைத் தூங்கவைத்திருக்கிறது. பேட்டரிச் சிக்கன அமைப்பில் அந்தச் செயலிக்கு விலக்கு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு விலக்கு அப்படியே இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். இரண்டு அழைப்பும் ஒரே மாதிரி இழுத்தால் குறை வலையில். அதே சோதனையைக் காலை 9 மணிக்கு நெரிசலான நிறுத்தத்தில் செய்யுங்கள்.

பணிமனைக் கட்டுப்பாடு
2 அழைப்பு, 15 நொடி என்பது எங்களுக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. ஒரு வாரம் பதிவு பார்த்து எண்ணிவிடுகிறேன். பேருந்தில் டிரங்க் ரேடியோ, சோதனை ஆய்வாளர்களுக்குப் போனில் செயலி, நடுவில் இரண்டையும் இணைக்க ஒரு கேட்வே என்று வைத்தால்?

செயலிவழி
அதான் சரி. ஆய்வாளர் ஊரைத் தாண்டிப் போனாலும் கேட்கும்.

மீட்பு அறை
கேட்வே வேண்டாம். போன் பக்கம் தாமதமாக வரும் ஒலி, ரேடியோ பக்கம் ஸ்லாட்டைப் பேச்சு முடிந்த பிறகும் பிடித்துவைக்கும். ஒரு ஆய்வாளரின் போன் பட்டன் சட்டைப்பையில் அழுந்திக் கிடந்தால் 40 பேருந்துக்கும் பாதை போச்சு. அறையில் இருப்பவர் கேட்டு மறுபடி சொல்வதே பாதுகாப்பு.

நாலாம் ஸ்லாட்
அழுந்திய பட்டனுக்கு நேர வரம்பு போடலாம், 30 நொடியில் வெட்டிவிடும். போன்களுக்கு மிகக் குறைந்த முன்னுரிமை கொடுக்கலாம். மண்டலக் குழுக்களோடு கோக்காமல் ஆய்வாளர்களுக்குத் தனிக் குழு வைத்து அதை மட்டும் இணைத்தால் சேதம் அந்தக் குழுவோடு நிற்கும். நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

மீட்பு அறை
தனிக் குழுவானாலும் அதே மூன்று ஸ்லாட்டில் ஒன்றைத்தானே எடுக்கும்? அடைப்பு நாளில் அந்த ஒன்றுதான் குறையும்.

நாலாம் ஸ்லாட்
எடுக்கும். 2 எர்லாங் நாளில் அதைத் தாங்குமா என்பதை அவருடைய ஒரு வார எண்ணிக்கையை வைத்துத்தான் சொல்ல முடியும். எண்ணும்போது அழைப்பு எத்தனை என்பதோடு, அதில் எத்தனை நிலைச் செய்தியாக மாறக்கூடியவை என்றும் தனிப் பத்தியில் குறியுங்கள்.