8 நொடி கிளிப்புகளை ஒட்டும் இடத்தில் கேமரா நின்று கிளம்புகிறது

நூலிழை: 30 நொடி விளம்பரம், ஆனால் நான் வைத்திருக்கும் ஏஐ கருவி ஒரு தடவைக்கு 8 நொடிதான் தருகிறது. கேமரா ஒரு கைக்கடிகாரத்தை வெட்டே தெரியாமல் சுற்றி வர வேண்டும். முதல் கிளிப்பின் கடைசி ஃபிரேமை அடுத்ததற்குத் தொடக்கப் படமாகக் கொடுத்தேன், படம் பொருந்துகிறது, ஆனால் ஒட்டுகிற இடத்தில் ஒரு தடுக்கல். என்ன செய்யலாம்?

கத்திரிக்கோல்: அந்த ஃபிரேம் இரண்டு கிளிப்பிலும் இருக்கும், ஒன்றை நீக்குங்கள். அப்புறமும் தெரிந்தால் 10 ஃபிரேம் டிசால்வ், முடிந்தது கதை.

மேசைவிளக்கு: நீக்குவது சரி. டிசால்வ் வேண்டாம், கடிகார முள் இரண்டிரண்டாகத் தெரியும். ஒற்றைப் படத்தில் கேமரா எங்கே இருக்கிறது என்பது உண்டு, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது கிடையாது. அதனால் கருவி பெரும்பாலும் நின்ற நிலையிலிருந்து மெல்லக் கிளம்பி, அரை நொடி கழித்துத்தான் வேகம் பிடிக்கும்.

24 எஃப்.பி.எஸ்.ஸில் 8 நொடி என்றால் 192 ஃபிரேம். கடைசியை விட்டுவிட்டு 176ஆவது ஃபிரேமை எடுங்கள், ஜேபிஜி வேண்டாம், பிஎன்ஜி.

```
ffmpeg -i a.mp4 -vf "select=eq(n\,175)" -frames:v 1 a176.png
```

(எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் 175.) புதுக் கிளிப் வேகம் பிடிக்க 12 ஃபிரேம் எடுத்தால், அதற்குள் பழைய வேகத்தில் ஏறக்குறைய 6 ஃபிரேம் தூரம்தான் நகர்ந்திருக்கும். ஆக அதன் 12ஆவது ஃபிரேமும் பழையதன் 182உம் ஒரே இடம். பழையதை 182இல் நிறுத்தி, புதியதை 13இலிருந்து ஓட விடுங்கள். இது கணக்குக்கு, கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றைப் பாதி ஒளிபுகும்படி வைத்து, கடிகார விளிம்பு ஒன்றாகும் இடத்தைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். ப்ராம்ப்டிலும் கேமரா ஏற்கெனவே ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருப்பதாக எழுதுங்கள்.

கத்திரிக்கோல்: இவ்வளவு கூத்து எதற்கு? கோணத்தை மாற்றி வெட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது!

நூலிழை: வெட்டு கூடாது என்பதுதான் வாடிக்கையாளர் வைத்த ஒரே நிபந்தனை.

மழைக்குருவி: எனக்கும் இதே தலைவலி. ஒருவர் பேசும் காட்சி, ஒட்டினால் குரலே மாறிவிடுகிறது.

மேசைவிளக்கு: அது வேறு பிரச்சினை. குரலைத் தனியாக முழு நீளத்துக்குப் பதிவு செய்து வைத்துக்கொண்டு உதட்டை அதற்குப் பொருத்துங்கள்.

நூலிழை, இன்னொன்று. இப்படி வெட்டினால் நாலு கிளிப்பில் 702 ஃபிரேம்தான் தேறும், அதாவது 29.25 நொடி. கடைசி முக்கால் நொடியை லோகோ அட்டைக்கு விட்டுவிடுங்கள், ஐந்தாவது கிளிப் வேண்டியிருக்காது.

நூலிழை: முதல் ஒட்டு நன்றாக வந்தது, 182 இல்லை, 180இல் பொருந்தியது. மூன்றாவது கிளிப்பில் நிறம் கொஞ்சம் அடர்த்தியாகி, கண்ணாடியில் விழும் வெளிச்சம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

மேசைவிளக்கு: நகலின் நகல் எடுத்தால் அப்படித்தான். நிறத்தை, ஒவ்வொரு தொடக்கப் படத்தையும் முதல் கிளிப்போடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகு கொடுத்தால் அடக்கலாம். வெளிச்சத்துக்கு நான் செய்வது, நாலைந்து தடவை எடுத்து நெருக்கமானதைப் பொறுக்குவதுதான்.

கத்திரிக்கோல்: அதற்குத்தான் கோணத்தை மாற்றச் சொன்னேன்.